இந்த கேபிள் எத்தனை வாட், என்ன வேகம்? யூ.எஸ்.பி. கேபிளில் உள்ள எழுத்துகளைப் படிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் டைப்-சி கேபிளில் `100W` என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறது. லேப்டாப்புக்கு நன்றாகச் சார்ஜ் ஏறுகிறது. ஆனால் போனில் எடுத்த 64 ஜி.பி. கல்யாண வீடியோவை லேப்டாப்புக்கு மாற்ற அரை மணி நேரம் ஆகிறது. போலிக் கேபிளா?

போலியாக இருக்க வேண்டியதில்லை. `100W` என்பது மின்சாரத்தைப் பற்றிய வாக்கு. அதை உங்கள் கேபிள் காப்பாற்றியிருக்கிறது. வேகத்தைப் பற்றி அந்த எழுத்து எதையும் சொல்லவில்லை.

ஒரே உறைக்குள் இரண்டு வேலைகளுக்கு இரண்டு வகைக் கம்பிகள் ஓடுகின்றன. சார்ஜ் ஏற்றுவதற்கென்றே செய்யப்படும் டைப்-சி கேபிளில் தடித்த மின் கம்பிகள் இருக்கும், சார்ஜரும் போனும் பேசிக்கொள்ள ஒரு மெல்லிய கம்பி இருக்கும், தரவுக்கென்று ஒரே ஒரு ஜோடிக் கம்பி இருக்கும். அந்த ஒரு ஜோடி 2000-ஆம் ஆண்டில் வந்த யூ.எஸ்.பி. 2.0-இன் ஜோடிதான். அதன் உச்ச வேகம் நொடிக்கு 480 மெகாபிட். அதற்கு மேல் போக வேண்டுமானால் உள்ளே இன்னும் நான்கு ஜோடிகளை இழுக்க வேண்டும். கேபிள் தடிக்கும், விலையும் ஏறும். அதனால் பெரும்பாலான சார்ஜிங் கேபிள்களில் அவற்றைப் போடுவதில்லை. விதியும் அவற்றைப் போட்டே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை.

உங்கள் அரை மணி நேரம் கணக்கோடு பொருந்துகிறது. 480 மெகாபிட்டை எட்டால் வகுத்தால் 60 மெகாபைட். போனும் லேப்டாப்பும் தங்களுக்குள் பேசிக்கொள்ளப் போகும் நேரத்தைக் கழித்தால் கைக்கு வருவது நொடிக்கு 35 முதல் 40 மெகாபைட். 64 ஜி.பி.யை 38-ஆல் வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 28 நிமிடம் வரும். நொடிக்கு 5 கிகாபிட் கேபிளாக இருந்து, போனும் லேப்டாப்பும் அதற்கு ஈடுகொடுத்தால், நொடிக்கு 400 மெகாபைட் வரை எட்டலாம். அப்போது அதே வீடியோ மூன்று நிமிடத்துக்குள் வந்து சேரும்.

புது கேபிள் வாங்கும் முன் போனையும் பார்த்துக்கொள்ளுங்கள். பல போன்களில் போனின் துளையே யூ.எஸ்.பி. 2.0 தான். ஐபோன் 15-இல் அப்படித்தான். ஐபோன் 15 ப்ரோவில் நொடிக்கு 10 கிகாபிட் வரை போகும், ஆனால் பெட்டிக்குள் வரும் கேபிள் 480 மெகாபிட் கேபிள். பெட்டியில் வந்த கேபிளைக் கொண்டு போனின் வேகத்தை எடைபோட வேண்டாம்.

சார்ஜ் ஏறுகிறது, ஆனால் லேப்டாப்பிலிருந்து மானிட்டருக்குப் படம் வரவில்லை. இதற்கும் கேபிள்தான் காரணமா?

பெரும்பாலும் ஆம். டைப்-சி வழியாகப் படம் போவதும் அந்த நான்கு ஜோடிகளின் மேல்தான். அவை இல்லாத கேபிளில் மானிட்டர் லேப்டாப்புக்குச் சார்ஜ் ஏற்றும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். மானிட்டரைப் பழுதுபார்க்கக் கொடுப்பதற்கு முன், மானிட்டரோடு வந்த கேபிளை ஒருமுறை மாட்டிப் பாருங்கள்.

அதிகாரபூர்வமான லோகோ என்று ஒன்று இருக்கிறதாமே. அதில் எதைப் பார்க்க வேண்டும்?

யூ.எஸ்.பி. விதிகளை வகுக்கும் யூ.எஸ்.பி. இம்ப்ளிமென்டர்ஸ் ஃபோரம் என்ற அமைப்பு, சோதனையில் தேறிய கேபிள்களுக்குத் தன் லோகோவைப் போட அனுமதி தருகிறது. கேபிளின் வாட் எண் 2021-இல் லோகோவுக்குள் வந்தது. இப்போதைய லோகோவில் இரண்டு எண்களைத் தேடுங்கள். `Gbps` என்று முடிவது வேகம், `W` என்று முடிவது மின்திறன். `40Gbps` உம் `240W` உம் சேர்ந்து இருந்தால், அந்த கேபிள் வழியே நொடிக்கு 40 கிகாபிட் தரவும் 240 வாட் வரை மின்சாரமும் போகும் என்று பொருள்.

வாட் எண் மட்டும் இருந்து `Gbps` எங்கும் காணப்படாவிட்டால், அதை 480 மெகாபிட் கேபிள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வேகமான கேபிளைச் செய்தவர் அதை எழுதாமல் விடமாட்டார். கேபிளோ பெட்டியோ `Hi-Speed` என்று சொன்னாலும் அதே 480 தான். பெயரில் வேகம் இருப்பதைப் பார்த்துப் பலர் ஏமாந்துபோகிறார்கள். 2000-ஆம் ஆண்டில் அது உண்மையாகவே வேகம்தான். பெயர் மாறவில்லை, மற்றவை அதைக் கடந்து போய்விட்டன.

இன்னொன்று. லோகோவில் வரும் வாட் எண் 60 அல்லது 240 தான். 65, 100, 140 போன்ற எண்களைப் பார்த்தால் அவை தயாரிப்பாளரே அச்சிட்டவை. உடனே பொய் என்று ஒதுக்க வேண்டாம், ஆனால் சோதனையில் தேறியதற்கான முத்திரையாக அவற்றை எடுத்துக்கொள்ளவும் கூடாது.

60, 100, 240 என்ற எண்கள் எங்கிருந்து வந்தன? என் லேப்டாப்பின் சார்ஜர் 140 வாட். 100 வாட் கேபிளை மாட்டினால் எரிந்துபோகுமா?

எரியாது. எண்களின் பிறப்பைத் தெரிந்துகொண்டால் ஏன் எரியாது என்பதும் புரிந்துவிடும்.

வாட் என்பது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவது. இரு முனையும் டைப்-சியாக உள்ள எந்த கேபிளும் குறைந்தது 3 ஆம்பியரைத் தாங்க வேண்டும் என்பது விதி. சார்ஜர் 20 வோல்ட் தரும்போது 3 ஆம்பியர் போனால் 60 வாட். அதனால்தான் 60 என்பது அடிப்படை எண். கேபிளை இன்னும் தடிமனாகச் செய்து 5 ஆம்பியருக்கு உயர்த்தினால், அதே 20 வோல்ட்டில் 100 வாட். 2021 மே மாதம் வரை 20 வோல்ட்டே உச்சம், ஆகவே 100 வாட்டே உச்சம். அந்த மாதம் வந்த புதிய விதி வோல்ட்டை 48 வரை உயர்த்தியது. 48-ஐ 5-ஆல் பெருக்கினால் 240. உங்கள் 140 வாட் சார்ஜர் 28 வோல்ட்டில் 5 ஆம்பியர் தருகிறது.

கவனித்தால், 100 வாட் கேபிளும் 240 வாட் கேபிளும் ஒரே 5 ஆம்பியரைத்தான் சுமக்கின்றன. வேறுபாடு வோல்ட்டில். 100 வாட் கேபிள் அந்த உயர்ந்த வோல்ட்டுக்கென்று செய்யப்பட்டதும் இல்லை, சோதிக்கப்பட்டதும் இல்லை.

இதைச் சார்ஜர் எப்படி அறியும்? 5 ஆம்பியர் கேபிளின் முனைக்குள், உலோக மூடிக்கும் பிளாஸ்டிக் பிடிக்கும் நடுவே, சிறு பலகை ஒன்றில் ஒரு சில்லு உட்கார்ந்திருக்கிறது. இ-மார்க்கர் என்று பெயர். கேபிளை மாட்டியதும் சார்ஜர் அதனிடம் கேட்கிறது. எத்தனை ஆம்பியர் தாங்குவாய், எத்தனை வோல்ட் வரை போகலாம், உன் வேகம் என்ன என்ற விவரமெல்லாம் சில்லுக்குள் பதிந்திருக்கிறது. 100 வாட் கேபிள் என்று பதில் வந்தால் சார்ஜர் 20 வோல்ட்டோடு நிறுத்திக்கொள்ளும், 140 வாட் லேப்டாப்புக்கு 100 வரை கிடைக்கும். பதிலே வராவிட்டால் 3 ஆம்பியருக்கு மேல் போகாது, 60 வாட்டோடு நின்றுவிடும். சார்ஜ் மெதுவாக ஏறும், வேறொன்றும் ஆகாது.

`100W` என்று அச்சிட்ட கேபிளை மாட்டியும் 60 வாட்டுக்கு மேல் ஏறவே இல்லை என்றால், இதிலிருந்தே காரணத்தை ஊகிக்கலாம். சில்லு இல்லை, அல்லது செத்துவிட்டது.

கேபிளின் உறையில் பொடி எழுத்தில் ஒரு வரி ஓடுகிறது. பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க முடிந்தது. அது என்ன மொழி?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பெட்டியில் இருப்பது விற்பவரின் மொழி. உறையில் இருப்பது கம்பி இழுத்த ஆலையின் மொழி. பழுதுபார்க்கும் மேசையில் உட்கார்ந்த நாளிலிருந்து நான் முதலில் படிப்பது இந்த வரியைத்தான். வழக்கமாக இப்படி இருக்கும்:

```
AWM STYLE 2725 80°C 30V VW-1 28AWG/1P+24AWG/2C
```

முதலில் ஒதுக்க வேண்டியதை ஒதுக்கிவிடலாம். `AWM STYLE 2725` என்பது கருவிகளுக்குள் போடும் கம்பிகளுக்கு அமெரிக்காவின் யூ.எல். என்ற பாதுகாப்பு நிறுவனம் வைத்திருக்கும் வகை எண். 20276 என்ற எண்ணையும் அடிக்கடி பார்க்கலாம். `80°C 30V` என்பது உறை தாங்கும் வெப்பமும் மின்னழுத்தமும். `VW-1` என்றால் செங்குத்தாகத் தொங்கவிட்டுத் தீ வைத்துப் பார்க்கும் சோதனையில் தேறியது என்று பொருள். இவற்றில் எதுவும் சார்ஜ் வேகத்தையோ தரவு வேகத்தையோ சொல்லாது. `30V` என்பதைப் பார்த்து 30 வோல்ட்டில் சார்ஜ் ஏறும் என்று நினைத்த ஒருவரை எனக்குத் தெரியும். அது உறையின் தாங்குதிறன் மட்டுமே.

விஷயம் கடைசித் துண்டில் இருக்கிறது. `28AWG/1P` என்றால் 28 கேஜ் கம்பியில் ஒரு ஜோடி. அது தரவுக்கு. `24AWG/2C` என்றால் 24 கேஜில் இரண்டு கம்பிகள். அவை மின்சாரம் போகவும் திரும்பவும். இந்தக் கேஜ் எண் தலைகீழானது. எண் சிறிதானால் கம்பி தடிமன். 28-ஐவிட 24 தடிமன், 24-ஐவிட 20 தடிமன்.

`1P` என்ற சிறு குறிப்பே வேகத்துக்கான விடையும்கூட. ஒரே ஜோடி என்று ஆலையே எழுதிவிட்டது, ஆகவே இது 480 மெகாபிட் கேபிள். பெட்டியில் வேறு என்ன எழுதியிருந்தாலும் ஒரு ஜோடியில் அதற்கு மேல் போகாது.

இனி மின்சாரம். ஒரே தோற்றமுள்ள இரண்டு ஒரு மீட்டர் கேபிள்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் `28AWG/1P+28AWG/2C` என்றும் மற்றதில் `28AWG/1P+24AWG/2C` என்றும் இருக்கிறது. 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் இழுக்கும் சாதாரணச் சார்ஜிங்கைக் கணக்கிடுவோம். 28 கேஜ் செம்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்கு 0.213 ஓம். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் இரண்டு மீட்டர், மொத்தம் 0.426 ஓம். 2 ஆம்பியரால் பெருக்கினால் 0.85 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். சார்ஜரிலிருந்து 5 வோல்ட்டாகக் கிளம்பியது போனுக்குப் போகும்போது 4.15. அந்த நிலையில் போன் தானாகவே இழுப்பைக் குறைத்துக்கொள்ளும். ‘சார்ஜர் நல்ல சார்ஜர்தான், ஆனால் ஏறவே மாட்டேன் என்கிறது’ என்று வருபவர்களில் பலருக்கு இதுதான் நோய்.

24 கேஜின் மின்தடை மீட்டருக்கு 0.084 ஓம். அதே கணக்கைப் போட்டால் இழப்பு 0.34 வோல்ட், போனுக்கு 4.66 கிடைக்கிறது. தாராளமாக ஏறும். 28 கேஜ் கேபிளை இரண்டு மீட்டராக நீட்டினால் இழப்பும் இரட்டிப்பாகும், அதில் 2 ஆம்பியர் போகவே போகாது.

ஒரு கேள்வி எழலாம்: அப்படியானால் 60 வாட் எப்படி இவ்வளவு மெல்லிய கேபிளில் போகிறது? அதற்காகத்தான் வோல்ட்டை உயர்த்துகிறார்கள். 5 வோல்ட்டில் அரை வோல்ட் போனால் பத்தில் ஒரு பங்கு நஷ்டம். 20 வோல்ட்டில் அதே அரை வோல்ட் நாற்பதில் ஒரு பங்குதான்.

உறை எழுத்தை நம்பலாமா?

பெட்டியைவிட நம்பலாம், முழுவதும் நம்ப முடியாது. ஒருமுறை இணையத்தில் வாங்கிய கேபிளில் `24AWG/2C` என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. சார்ஜ் ஏறும்போது நடுப்பகுதியே கைக்குச் சூடாகத் தெரிந்தது. சந்தேகப்பட்டுக் குறுக்கே வெட்டினேன். சிவப்புக் கம்பியின் உறையை நகத்தால் உரித்தால் உள்ளே ஏழு இழைகள், தலைமுடியைவிடச் சற்றே தடிமன். பக்கத்தில் நல்ல கேபிளின் 24 கேஜ் கம்பியை வைத்துப் பார்த்தபோது, அதன் இழைக்கட்டு கண்ணுக்குத் தெரியும்படி இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. இழைகளைக் கத்தியால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், அடியில் வெள்ளி நிறம். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியிருக்கிறார்கள். அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். கேபிளை வெட்டாமல் இதைக் கண்டுபிடிக்க, கீழே சொல்லும் மீட்டர் உதவும்.

என் கேபிள் நூல் பின்னல் போட்டது. உறையில் எழுத்தே இல்லை.

பின்னல் போட்டால் உறை எழுத்து மறைந்துவிடும். முனையின் பிளாஸ்டிக் பிடியில் இரு பக்கமும் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள், சில நிறுவனங்கள் நிறமில்லாமல் புடைப்பாகப் பொறித்திருப்பார்கள். அங்கேயும் இல்லை என்றால் சோதித்துப் பார்ப்பதுதான் வழி. தடிமன் ஒரு குறிப்பாக உதவும், சான்றாக உதவாது. பருமனான பின்னல் கேபிளுக்குள் 28 கேஜ் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பழைய ஏ வகை முனையில் நீல பிளாஸ்டிக் இருந்தால் வேகமான கேபிள் என்கிறார்களே?

பெரும்பாலும் சரி. ஆனால் நீலம் வழக்கம், கட்டாயம் அல்ல. கறுப்பாக இருந்தும் வேகமான கேபிள்கள் உண்டு, நீலமாக இருந்தும் இல்லாதவை உண்டு. நிறத்தை விட்டுவிட்டு முனையின் உள்ளே பாருங்கள். 480 மெகாபிட் முனையில் நான்கு தகடுகள் மட்டும் வரிசையாக இருக்கும். நொடிக்கு 5 கிகாபிட் முனையில் அந்த நான்குக்குப் பின்னால், இன்னும் ஆழத்தில், ஐந்து சிறு தகடுகள் தெரியும். கைவிளக்கு இருந்தால் ஐந்து நொடியில் முடிகிற சோதனை.

முனையின் மேல் திரிசூலக் குறியோடு `SS` என்று இருந்தால் அதற்குச் சூப்பர்ஸ்பீட் என்று பெயர், 5 கிகாபிட். பக்கத்தில் 10 என்றும் இருந்தால் 10 கிகாபிட்.

பெட்டியில் உள்ள பதிப்பு எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். 2008-இல் யூ.எஸ்.பி. 3.0 என்று வந்த அதே 5 கிகாபிட் வேகத்துக்கு, 2013-இல் 3.1 முதல் தலைமுறை என்று பெயர் வைத்தார்கள், 2017-இல் 3.2 முதல் தலைமுறை என்று மாற்றினார்கள். ஆகவே பெட்டியில் `USB 3.2` என்று மட்டும் இருந்தால் அது 5 ஆகவும் இருக்கலாம், 20 ஆகவும் இருக்கலாம். `Gbps` எண் எங்கே என்று கேளுங்கள்.

முனையில் மின்னல் போல ஒரு அம்புக்குறி இருக்கிறது. வேகமாகச் சார்ஜ் ஏறும் என்று பொருளா?

இல்லை. கீழ்நோக்கி வளைந்து இறங்கும் மின்னல் அம்பு, தண்டர்போல்ட் என்ற வேகமான இணைப்பு முறையின் குறி. பக்கத்தில் 3, 4 அல்லது 5 என்று எண் இருக்கும். 4 என்று இருந்தால் நிம்மதியாக வாங்கலாம். தண்டர்போல்ட் 4 கேபிள் இரண்டு மீட்டர் வரை நொடிக்கு 40 கிகாபிட் தரும், சாதாரண யூ.எஸ்.பி. வேலைகளையும் செய்யும். 3 என்று இருந்தால் நீளத்தைப் பாருங்கள். மின்சுற்று எதுவும் இல்லாத, ஒரு மீட்டருக்கு மேல் நீண்ட சில கேபிள்கள் 20 கிகாபிட்டோடு நின்றுவிடும்.

போன் நிறுவனம் தந்த கேபிளின் ஒரு முனை ஏ வகை. அதில் `80W` என்று போட்டிருக்கிறது. இதை வேறு சார்ஜரில் மாட்டினால் 80 வாட் வருமா?

வராது. ஏ வகை முனையில், மேலே சொன்ன சில்லோடு பேசும் முறையே கிடையாது. பொதுவான விதிப்படி ஏ-யிலிருந்து சி-க்குப் போகும் கேபிள் 3 ஆம்பியரோடு நிற்க வேண்டும். 65, 80 என்று விளம்பரம் செய்யும் போன் நிறுவனங்கள் தங்கள் சார்ஜர், தங்கள் கேபிள், தங்கள் போன் மூன்றும் சேர்ந்து பேசும் சொந்த ஏற்பாட்டை வைத்திருக்கின்றன. அந்த எண் அந்தக் குடும்பத்துக்குள் மட்டும் செல்லும். வெளியே போனால் அது சாதாரண கேபிளாகிவிடும். அந்த கேபிள் தொலைந்தால் அதே நிறுவனத்தின் கேபிளை வாங்குவதே நல்லது.

இந்த வகைக் கேபிளில் எந்த எழுத்தும் சொல்லாத ஓர் ஆபத்தும் இருந்தது. ஏ முனை கேபிளின் சி பக்கத்தில் 56 கிலோ ஓம் மின்தடை ஒன்று இருக்க வேண்டும். ‘பழைய துளையில் இருக்கிறேன், பார்த்து இழு’ என்று போனுக்குச் சொல்வது அதுதான். சிலர் அதற்குப் பதிலாக 10 கிலோ ஓம் போட்டார்கள். போன் அதைப் பார்த்து 3 ஆம்பியர் கிடைக்கும் என்று நம்பி, அரை ஆம்பியரே தரக்கூடிய பழைய துளையிலிருந்தும் இழுக்கத் தொடங்கும். கூகுளில் பொறியாளராக இருந்த பென்சன் லியுங் 2015 முதல் கடைகளில் விற்ற கேபிள்களை ஒவ்வொன்றாகச் சோதித்து இதை வெளியே கொண்டுவந்தார். 2016 பிப்ரவரியில் அவர் சோதித்த ஒரு கேபிளில் மின் கம்பியும் தரைக் கம்பியும் இடம் மாறி இணைக்கப்பட்டிருந்தன. அவருடைய லேப்டாப்பே பழுதாகிவிட்டது. அதன் வெளிப்புறத்தைப் பார்த்து யாரும் அதைச் சொல்லியிருக்க முடியாது.

எழுத்து உண்மையா என்று வீட்டிலேயே எப்படிச் சோதிப்பது?

வேகத்தை முதலில் பார்ப்போம். வேகமான எஸ்.எஸ்.டி. ஒன்றை அந்த கேபிளில் மாட்டுங்கள். பென் டிரைவ் வேண்டாம், அதன் மந்தம் கேபிளின் மேல் பழியாக விழும். லினக்ஸ் கணினியில் இந்தக் கட்டளையைக் கொடுங்கள்:

```
lsusb -t
```

உங்கள் எஸ்.எஸ்.டி. வரும் வரியின் கடைசியில் `480M` என்று இருந்தால் யூ.எஸ்.பி. 2.0, `5000M` என்றால் 5 கிகாபிட், `10000M` என்றால் 10. மேக் கணினியில் System Information திறந்து USB பிரிவில் அதே விவரத்தைப் பார்க்கலாம். விண்டோஸில் எளிய வழி, பெரிய கோப்பு ஒன்றை நகலெடுத்து வேகத்தைக் கவனிப்பது. 40 மெகாபைட் அருகிலேயே ஒட்டிக்கொண்டு நகர மறுத்தால் அது 480 மெகாபிட்டின் கையெழுத்து.

ஒரு எச்சரிக்கை. `480M` என்று வந்தவுடன் கேபிளைக் குற்றம் சொல்லிவிடாதீர்கள். அதே எஸ்.எஸ்.டி.யை, அதே துளையில், நல்லது என்று உறுதியாகத் தெரிந்த வேறொரு கேபிளில் மாட்டிப் பாருங்கள். அப்போது எண் உயர்ந்தால் மட்டுமே பழி கேபிளுக்கு. டைப்-சி முனையைத் திருப்பி மாட்டியும் ஒருமுறை பாருங்கள். ஒரு பக்கம் `5000M`, மறுபக்கம் `480M` என்று வந்தால், முனைக்குள் ஒரு ஜோடி அறுந்திருக்கலாம், அல்லது துளையில் தூசி அடைத்திருக்கலாம்.

மின்சாரத்துக்கு யூ.எஸ்.பி. டெஸ்டர் என்ற சிறு மீட்டர் வேண்டும். சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவே ஒருமுறை, கேபிளுக்கும் போனுக்கும் நடுவே ஒருமுறை மாட்டி வோல்ட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆம்பியர் இரண்டு முறையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். சார்ஜர் பக்கம் 5.05, போன் பக்கம் 4.65, ஓடுவது 2 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 0.40 வோல்ட். இரண்டால் வகுத்தால் 0.20 ஓம். 24 கேஜ் ஒரு மீட்டர் கேபிளுக்கு மேலே நாம் போட்ட கணக்கு 0.168, முனைகளின் தொடுகைக்கும் கொஞ்சம் போகும். ஆக எழுத்து உண்மை. 0.45 ஓம் என்று வந்திருந்தால் உள்ளே 28 கேஜ் இருக்கிறது, அல்லது முலாம் பூசிய அலுமினியம் இருக்கிறது.

சற்று விலை கூடிய டெஸ்டர்கள் இ-மார்க்கரையும் படித்து, 3 ஆம்பியரா 5 ஆம்பியரா என்று திரையில் காட்டும். சில்லில் எழுதியிருப்பதும் ஒருவர் எழுதியதுதான் என்பதால், அதோடு மேலே சொன்ன வோல்ட் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள்.

சோபா வரை எட்டும்படி மூன்று மீட்டரில் `40Gbps 240W` கேபிள் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். நீளமும் கேபிளில் எழுதிய ஓர் எண் போலத்தான், அதையும் படிக்க வேண்டும். வேகம் கூடக் கூடக் கம்பியில் சமிக்ஞை சீக்கிரம் தேய்கிறது. வெறும் செம்புக் கம்பி மட்டும் உள்ள டைப்-சி கேபிளில் 480 மெகாபிட் நான்கு மீட்டர் வரை போகும். 5 கிகாபிட்டுக்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர், 10-க்கு ஒரு மீட்டர், 40-க்கு 80 சென்டிமீட்டர். அதற்கு மேல் நீட்ட வேண்டுமானால் முனைகளுக்குள் சமிக்ஞையைத் திருத்தி அனுப்பும் சில்லுகள் வேண்டும், அந்த கேபிள் மலிவாக வராது.

சோபாவில் உட்கார்ந்து சார்ஜ் ஏற்றத்தான் மூன்று மீட்டர் என்றால் வேகத்தை மறந்துவிடுங்கள். `240W` லோகோ உள்ள 480 மெகாபிட் கேபிளை வாங்குங்கள். எஸ்.எஸ்.டி.க்கும் மானிட்டருக்கும் முக்கால் மீட்டரில் `40Gbps` கேபிள் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய அன்றே இரண்டின் முனையிலும் சிறு டேப் ஒட்டி வேகத்தையும் வாட்டையும் பேனாவால் எழுதிவிடுங்கள். ஆலை அச்சிட்ட பொடி எழுத்து ஓரிரு ஆண்டில் கைபட்டு அழிந்துபோகும்.